தாய்க்கு முன் பிறந்த சேய்

2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் எழுதத் தொடங்கிய ஒரு மென்பொருளை அதே மென்பொருளுக்குள் பதிந்து வைத்தார். கிட் என்று இன்று நாம் அறியும் அதன் முதல் கமிட் அதுதான். அந்தக் கமிட்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இப்படி ஒரு வரி இருக்கும். மின்னஞ்சல் முகவரியை மட்டும் எடுத்துவிட்டேன்:

```
author Linus Torvalds <...> 1112911993 -0700
```

இதில் நாள், மாதம், ஆண்டு எதுவும் இல்லை. ஒரு பெரிய எண்ணும், கழித்தல் குறியோடு ஒரு சிறிய எண்ணும்தான் இருக்கின்றன. பெரிய எண், 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவிலிருந்து ஓடிய விநாடிகளின் கணக்கு. சிறிய எண், எழுதியவரின் கடிகாரம் உலகப் பொது நேரத்துக்கு ஏழு மணி நேரம் பின்னால் இருந்தது என்கிறது. இரண்டையும் சேர்த்தால் அமெரிக்க மேற்குக் கரையில் ஏப்ரல் 7, வியாழக்கிழமை, பிற்பகல் 3 மணி 13 நிமிடம் 13 விநாடி என்று வருகிறது. அதே நொடியில் சென்னையில் ஏப்ரல் 8 பிறந்து மூன்றே முக்கால் மணி நேரம் ஆகப் போகிறது. ஊர் உறங்கிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் அந்தக் கமிட் ஏழாம் தேதியா, எட்டாம் தேதியா? இரண்டும் சரிதான். நிகழ்ந்த கணம் ஒன்று, அதற்கு ஊர்கள் வைக்கும் பெயர்தான் வேறு. கிட் கணத்தை விநாடிக் கணக்கில் வைத்துக்கொள்கிறது. பெயரை மாற்றிச் சொல்லத் தேவையான இடைவெளியை மட்டும் பக்கத்தில் குறித்துக்கொள்கிறது. பல ஊர்களில் உட்கார்ந்து ஒரே நிரலை எழுதும் குழுவில் வரலாறு தாறுமாறாகத் தெரிவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதல் காரணம் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

திங்களுக்கு முன் வந்த செவ்வாய்

சென்னையிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் ஆட்கள் இருக்கும் ஒரு சிறிய குழுவை எடுத்துக்கொள்வோம். 2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சென்னைக்காரர் ஒரு கமிட் போட்டு, ஐந்து நிமிடத்தில் பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்பிவிடுகிறார். தூங்கப் போகுமுன் கணினியைத் திறந்த சான் பிரான்சிஸ்கோக்காரர் அதை இறக்கிக்கொண்டு, அதன் மேல் ஒரு சின்னத் திருத்தம் செய்து பதிகிறார். லாகில் தேதி வரிகள் இப்படி நிற்கும். புதியது மேலே, பழையது கீழே:

```
Date:   Mon Mar 11 22:00:00 2024 -0700
Date:   Tue Mar 12 10:00:00 2024 +0530
```

மேலே இருப்பது பின்னால் வந்தது. ஆனால் அதன் மேல் திங்கள் என்று எழுதியிருக்கிறது, கீழே இருப்பதில் செவ்வாய். சேய் தாய்க்கு முந்தைய நாள் பிறந்திருக்கிறது!

கணக்குப் போட்டால் முடிச்சு அவிழ்ந்துவிடும். சென்னையின் காலை 10:00 என்பது உலகப் பொது நேரத்தில் 4:30. சான் பிரான்சிஸ்கோவின் இரவு 10:00 என்பது 5:00. கிட் உள்ளே வைத்திருக்கும் எண்கள் 1710217800, 1710219600. இடையே 1800 விநாடி, அதாவது அரை மணி நேரம். வரிசையில் எந்தப் பிழையும் இல்லை. அவரவர் ஊர் நேரத்தில் அவரவர் கமிட்டைக் காட்டுவது கிட்டின் வழக்கம், அவ்வளவுதான். எல்லாவற்றையும் ஒரே கடிகாரத்தில் பார்க்க வேண்டுமென்றால் இப்படிக் கேட்கலாம்:

```
TZ=UTC git log --date=iso-local
```

இங்கே `iso-local` என்பது பார்ப்பவரின் நேரத்தில் காட்டு என்ற கட்டளை. முன்னால் போட்ட `TZ=UTC`, பார்ப்பவர் கிரீன்விச்சில் இருப்பதாக வைத்துக்கொள் என்கிறது. கூட்டத்தில் மூன்று ஊர்க்காரர்கள் உட்கார்ந்து ஒரு லாகைப் படிக்கும்போது இந்த ஒரு வரி பாதி வாக்குவாதத்தைத் தீர்த்துவிடும்.

அந்தச் சிறிய எண்ணைப் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அது ஊரின் பெயர் அல்ல. `+0530` இந்தியாவாகவும் இருக்கலாம், இலங்கையாகவும் இருக்கலாம். சான் பிரான்சிஸ்கோவில் 2024 மார்ச் 10 ஞாயிறு அதிகாலை கோடைகாலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதே மேசையில் அதே ஆள் சனிக்கிழமை போட்ட கமிட்டில் `-0800` என்றும், திங்கள் போட்டதில் `-0700` என்றும் இருக்கும். இதைப் பார்த்து அவர் ஊர் மாறினார் என்று முடிவு கட்டக் கூடாது.

ஒரு கமிட், இரண்டு தேதிகள்

இரண்டாவது காரணம் இதைவிட அதிகம் பேரைக் குழப்புகிறது. கமிட்டுக்குள் `author` என்றொரு வரி இருப்பதுபோல `committer` என்றொரு வரியும் இருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி ஆள், தனித்தனி நேரம்.

எதற்கு இரண்டு? கிட் பிறந்த இடத்தைப் பார்த்தால் விளங்கும். லினக்ஸ் கெர்னலை எழுதுபவர்கள் தங்கள் திருத்தங்களை மின்னஞ்சலில் அனுப்புவார்கள். அந்தப் பகுதியைப் பராமரிப்பவர் படித்து, ஏற்றுக்கொண்டால் தம் களஞ்சியத்தில் பதிவார். எழுதியவர் ஒருவர், பதிந்தவர் வேறொருவர். எழுதிய நாளுக்கும் பதிந்த நாளுக்கும் இடையே வாரக்கணக்கில் இடைவெளி இருக்கலாம். எழுதியவரின் உழைப்புக்கு உரிய பெயரையும் நேரத்தையும் காப்பாற்ற வேண்டும், பதிந்தவரின் பொறுப்பும் பதிவாக வேண்டும். அதனால் மின்னஞ்சலின் தேதி ஆத்தர் தேதியாகிறது, ஏற்றுக்கொண்டு பதிந்த நேரம் கமிட்டர் தேதியாகிறது.

மின்னஞ்சலே இல்லாமல் வேலை செய்யும் நம் குழுக்களிலும் இந்த இரண்டு தேதிகளும் பிரியும். பிரிப்பது பெரும்பாலும் ரீபேஸ். நம் சென்னைக்காரர் அதே செவ்வாய் காலை 11:40க்குத் தனிக் கிளையில் இன்னொரு வேலையைத் தொடங்கிப் பதிகிறார் என்று கொள்வோம். சக ஊழியர்கள் அதைப் படித்துக் கருத்துச் சொல்ல மூன்று நாள் ஆகிறது. அதற்குள் புதனும் வியாழனும் பிரதானக் கிளையில் பிறர் கமிட்டுகள் சேர்ந்துவிடுகின்றன. வெள்ளி மாலை அவர் தம் கிளையை அவற்றின் மேல் ரீபேஸ் செய்து சேர்க்கிறார். ரீபேஸ் என்றால் பழைய கமிட்டை நகர்த்துவது என்று சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் நகர்வதில்லை. அதே மாற்றத்தைக் கொண்ட புதிய கமிட் ஒன்று புதிய தாயின் மேல் உருவாகிறது. ஆத்தர் தேதி பழையதிலிருந்து பிரதியாகிறது, கமிட்டர் தேதி அந்த நிமிடத்துக்கு மாறுகிறது. `git log --format=fuller` என்று கேட்டால் இரண்டும் தெரியும்:

```
AuthorDate: Tue Mar 12 11:40:00 2024 +0530
CommitDate: Fri Mar 15 16:05:12 2024 +0530
```

சாதாரண `git log` காட்டுவது ஆத்தர் தேதியை மட்டும். ஆனால் எதை முதலில் காட்டுவது என்று தேர்ந்தெடுக்கும்போது அது பார்ப்பது கமிட்டர் தேதியை. கண்ணுக்குத் தெரியும் தேதி ஒன்று, வரிசையைத் தீர்மானிக்கும் தேதி மற்றொன்று. ஆகவே வியாழக்கிழமைக் கமிட்டுக்கு மேலே செவ்வாய்க்கிழமைக் கமிட் உட்கார்ந்திருக்கும். `--since` போன்ற தேதி வடிகட்டியும் கமிட்டர் தேதியையே பார்க்கிறது. வியாழன் முதல் உள்ளவற்றைக் கொடு என்று கேட்டால் செவ்வாய் என்று எழுதிய கமிட்டும் சேர்ந்து வரும். கேட்டவர் கருவி பழுது என்று நினைப்பார்.

நானே ஒருமுறை இதில் விழுந்து எழுந்தேன். ஒரு வெள்ளி மாலை வெளியிட்ட பதிப்பில், அதுவரை ஒழுங்காக வேலை செய்த ஒரு பக்கம் முடங்கிப் போனது. முந்தைய பதிப்பு வியாழன் காலை போனது, அதில் கோளாறு இல்லை. அப்படியானால் வியாழனுக்குப் பின் எழுதியதில்தான் குற்றவாளி இருக்க வேண்டும் என்று கமிட்டுகளை ஆத்தர் தேதிவாரியாக ஒரு அட்டவணையில் அடுக்கி, வியாழனுக்குக் கீழே கோடு போட்டு வெட்டிவிட்டேன். மிச்சமிருந்த ஒன்பது கமிட்டுகளையும் இரவு பத்து மணி வரை வரி வரியாகப் படித்தேன். ஒன்றிலும் தப்பில்லை. தப்பு இருந்தது நான் வெட்டி எறிந்த பகுதியில், செவ்வாய் என்று தேதியிட்ட ஒரு கமிட்டில். செவ்வாய் எழுதியது வெள்ளி மதியம்தான் ரீபேஸாகி உள்ளே வந்திருந்தது.

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விக்குத் தேதியே தேவையில்லை. முந்தைய பதிப்பில் இல்லாமல் இந்தப் பதிப்பில் இருப்பவை எவை என்று மட்டும் கேட்டால் போதும்:

```
git log --format=fuller v1.4..v1.5
```

இரண்டு புள்ளிகளுக்குப் பொருள், `v1.5` என்ற குறியிலிருந்து பின்னோக்கி நடந்து எட்டக்கூடியவற்றில், `v1.4`இலிருந்தும் எட்டக்கூடியவற்றைக் கழித்துவிடு என்பது. இதில் கடிகாரத்துக்கு வேலை இல்லை, தாய் சேய் உறவு மட்டுமே கணக்கு. பட்டியல் நீளமாக இருந்தால் `git bisect` நடுவில் ஒன்றைச் சோதித்துப் பாதியை ஒதுக்கும், மறுபடி பாதியை ஒதுக்கும். 64 கமிட்டுகள் என்றால் ஏறக்குறைய ஆறு சோதனையில் ஆளைப் பிடித்துவிடலாம். அதுவும் உறவைத்தான் பின்தொடர்கிறது.

ரீபேஸ் நடந்த தடயத்தை அடையாளம் காண ஒரு எளிய வழி உண்டு. ஐந்தாறு கமிட்டுகளின் ஆத்தர் தேதிகள் மூன்று நாளில் பரவியிருக்க, கமிட்டர் தேதிகள் எல்லாம் ஓரிரு விநாடிக்குள் நெருக்கியடித்து நின்றால், அவை ஒரே மூச்சில் ரீபேஸானவை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

இதற்கு எதிர்த் திசையிலும் ஒரு பொறி இருக்கிறது. கமிட்டர் தேதி, வேலை பொதுக் களஞ்சியத்துக்கு வந்து சேர்ந்த நேரம் அல்ல. விமானத்தில் உட்கார்ந்து பதிந்ததை இரண்டு நாள் கழித்து அனுப்பினால் அந்த இரண்டு நாள் கமிட்டுக்குள் எங்கும் இருக்காது. அனுப்பிய நேரம் வேண்டுமென்றால் அதைப் பெற்றுக்கொண்ட சர்வரின் பதிவேட்டைத்தான் கேட்க வேண்டும்.

ஐந்தரை மணி நேரம் முந்திய கடிகாரம்

இதுவரை பார்த்த இரண்டிலும் கடிகாரங்கள் சரியாக இருந்தன. மூன்றாவது காரணத்தில் கடிகாரமே தவறு. கிட் நேரத்தை எந்த நடுவரிடமும் கேட்பதில்லை. தான் இருக்கும் கணினியிடம் கேட்கிறது, அது சொன்னதை அப்படியே எழுதிக்கொள்கிறது.

நம் ஊரில் சகஜமாக நடப்பது ஒன்று. ஒரே மடிக்கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருக்கும். தாய்ப்பலகையில் பேட்டரியில் ஓடும் ஒரு சிறு கடிகாரம் உண்டு. வழக்கமான அமைப்பில் விண்டோஸ் அதில் உள்ளூர் நேரத்தை எழுதி வைக்கிறது. லினக்ஸோ அதில் இருப்பது உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. காலை 10 மணிக்கு விண்டோஸை மூடி லினக்ஸைத் திறந்தால், அது 10 மணியைக் கிரீன்விச்சின் 10 மணி என்று நம்பி, ஐந்தரை மணி நேரம் கூட்டி, பிற்பகல் 3:30 என்று காட்டும். இணையம் கிடைத்ததும் நேரச் சர்வரிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளும். இணையம் வருமுன் ஒரு கமிட் போட்டுவிட்டால் அதன் மேல் 3:30 என்று நிரந்தரமாகப் பொறிக்கப்பட்டுவிடும். நேரம் திருந்திய பிறகு 10:20க்குப் போட்ட அடுத்த கமிட், தன் தாயைவிட ஐந்து மணி பத்து நிமிடம் மூத்ததாகத் தெரியும். இந்த முறை ஊர் நேரத்தைச் சமன்செய்தாலும் முடிச்சு அவிழாது. விநாடிக் கணக்கே தலைகீழாக இருக்கிறது.

இதைத் திருத்த முடியாதா? கமிட்டின் அடையாளமான அந்த நீண்ட எண்ணெழுத்துக் கோவை, கமிட்டின் முழு உள்ளடக்கத்திலிருந்தும் கணக்கிடப்படுகிறது. தேதியும் உள்ளடக்கத்தில் சேர்ந்ததே. ஒரு விநாடியை மாற்றினாலும் அடையாளம் மாறும், அதைத் தாயாகக் குறித்திருக்கும் சேயின் அடையாளம் மாறும், சேயின் சேய்க்கும் மாறும். பிறர் கைக்குப் போகாத கமிட் என்றால் திருத்திவிடலாம். போய்விட்டது என்றால் அந்தத் தவறான தேதியோடு வாழ்வதே குழுவுக்கு நல்லது.

நம் தாத்தா பாட்டிகளுக்குப் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் உத்தேசமாகப் போட்ட பிறந்த தேதி நினைவுக்கு வருகிறது. சான்றிதழ்படி அண்ணனுக்கும் தம்பிக்கும் நான்கு மாதமே வித்தியாசம் இருக்கும். சான்றிதழைத் திருத்த யாரும் போவதில்லை. யார் மூத்தவர் என்பதில் வீட்டில் யாருக்கும் ஐயமும் இல்லை. உறவு தெரிந்த இடத்தில் தேதி தேவைப்படுவதில்லை.

பொய் சொல்ல முடியாத வரி

கமிட்டுக்குள் அந்த உறவைச் சொல்லும் வரி ஒன்று இருக்கிறது. `parent` என்று தொடங்கி, தாய்க் கமிட்டின் முழு அடையாளத்தையும் தாங்கி நிற்கும். கடிகாரத்தைத் திருகலாம். `GIT_AUTHOR_DATE`, `GIT_COMMITTER_DATE` என்று இரண்டு மாறிகளை வைத்தால் எந்தத் தேதியை வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் இன்னும் உருவாகாத கமிட்டைத் தாயாகக் குறிக்க முடியாது. அதன் அடையாளம் அதன் உள்ளடக்கத்திலிருந்து பிறக்கிறது, உள்ளடக்கம் முடிவாகாமல் அடையாளம் இல்லை. ஆகவே சேயின் `parent` வரி எழுதப்பட்ட கணத்தில் தாய் ஏற்கெனவே இருந்தாக வேண்டும். முந்தியது எது, பிந்தியது எது என்பதற்கு இதுவே சான்று. தேதி வெறும் வாக்குமூலம்.

கிட்டுக்கு வெகு முன்பே, 1978இல், கணினி அறிவியலாளர் லெஸ்லி லாம்போர்ட் ஒரு கட்டுரையில் இதைப் பொதுவான விதியாகச் சொல்லியிருந்தார். தொலைவில் இருக்கும் கணினிகளின் கடிகாரங்களை முழுக்க ஒத்துப்போகச் செய்ய முடியாது. ஆனால் ஒரு நிகழ்வின் செய்தி இன்னொன்றை எட்டியிருந்தால், முன்னது முன்னதுதான். எந்தத் திசையிலும் செய்தி எட்டாத இரண்டு நிகழ்வுகளில் எது முந்தியது என்ற கேள்விக்கு அந்த அமைப்புக்குள் விடையே இல்லை. அவை இணையானவை.

ஒரே நாளில் இரண்டு ஊரில் இரண்டு கிளைகளில் நடந்த வேலையும் இப்படி இணையானதே. மெர்ஜ் ஆன பிறகு லாக் அவற்றை ஒற்றை வரிசையில் அடுக்கியாக வேண்டியிருக்கிறது, கமிட்டர் தேதியைப் பார்த்து ஒன்றுவிட்டு ஒன்றாகப் பின்னிக் காட்டுகிறது. அந்தப் பின்னல் காட்சிக்காகச் செய்த ஏற்பாடு, நடந்த வரலாறு அல்ல. `--topo-order` என்று கேட்டால் ஒரு கிளையை முழுக்கக் காட்டிவிட்டு அடுத்ததற்குப் போகும். எந்தத் தாயும் தன் சேய்கள் எல்லாம் வருமுன் தலைகாட்டாது. `--graph` போட்டாலும் இதே ஒழுங்குதான்.

தவறான தேதி காட்சியை மட்டும் கெடுத்தால் போகட்டும் என்று விடலாம். கிட்டின் நடையையும் அது கெடுத்திருக்கிறது. லட்சக்கணக்கான கமிட்டுகள் உள்ள களஞ்சியத்தில் வேரைத் தொடும் வரை நடந்தால் நேரம் போகும். ஆகவே `--since` கேட்ட தேதிக்கு முந்தைய கமிட் ஒன்று எதிர்ப்பட்டதும், இதற்குக் கீழே எல்லாம் இதைவிடப் பழையவை என்று நம்பி அந்த வழியை விட்டுவிடுகிறது. நடுவில் ஒரு கமிட் 1970 என்று சொன்னால் அதற்குக் கீழே இருக்கும் நேற்றைய வேலைகூடப் பட்டியலிலிருந்து காணாமல் போகலாம். 2022இல் வந்த 2.37 பதிப்பில் `--since-as-filter` என்ற வழி சேர்ந்தது. இது எங்கும் நிற்காமல் எல்லாவற்றையும் பார்த்துச் சலிக்கும். `--since` கொடுத்ததைவிட இது அதிகம் கொடுத்தால் வரலாற்றில் எங்கோ ஒரு தலைகீழ்த் தேதி இருக்கிறது என்று அறியலாம்.

நடையைச் சரிசெய்யக் கிட் எழுதுபவர்கள் கண்ட வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. 2021 மார்ச்சில் வந்த 2.31 பதிப்பிலிருந்து கமிட்-கிராஃப் என்ற துணைக் கோப்பில் ஒவ்வொரு கமிட்டுக்கும் திருத்திய தேதி ஒன்றைக் கணக்கிட்டு வைக்கலாம். விதி எளிது. கமிட்டின் சொந்தத் தேதியை எடு. தாய்களின் திருத்திய தேதிகளில் பெரியதோடு ஒரு விநாடி கூட்டு. இரண்டில் எது பெரியதோ அதுவே இதன் திருத்திய தேதி. நம் மடிக்கணினிக் கதையில் தாய்க்கு 3:30:00 என்றால், 10:20க்குப் பிறந்த சேய்க்குத் திருத்திய தேதி 3:30:01. உண்மையில் அப்போது மணி 3:30 இல்லைதான். ஆனால் சேய் தாய்க்குப் பின் என்ற உறவு ஒருபோதும் முறியாது, நடையும் வழி தவறாது. வந்த செய்தியின் நேரம் தன் கடிகாரத்தைவிட முன்னே இருந்தால் கடிகாரத்தை அதற்கும் மேலே நகர்த்திக்கொள் என்று லாம்போர்ட் சொன்ன விதியின் மறுவடிவமே இது. கமிட்டில் பொறித்த தேதியை யாரும் தொடவில்லை. அது தன் தவறோடு அப்படியே இருக்கிறது. அதன் பக்கத்தில் உறவுக்கு அடங்கிய இன்னொரு எண் நிற்கிறது.

தொடங்கிய இடத்துக்கே திரும்பிப் பார்ப்போம். 1112911993 என்ற எண்ணைத் தாங்கிய அந்தக் கமிட்டை முதல் கமிட் என்கிறோம். அமெரிக்காவில் ஏழாம் தேதி, நமக்கு எட்டாம் தேதி. நாளை யாராவது 1999 என்று தேதியிட்டு ஒரு கமிட்டை அந்தக் களஞ்சியத்தில் சேர்த்தாலும் அந்த இடம் பறிபோகாது. `git cat-file -p` கொண்டு அதைத் திறந்து பாருங்கள். `tree` இருக்கிறது, `author` இருக்கிறது, `committer` இருக்கிறது. `parent` என்ற வரி மட்டும் இல்லை.